வெந்நீர் ஊற்றுக்குப் போகுமுன்: நெல்லைச் சீமைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இயன்முறை சிகிச்சை செய்துவருகிறேன். மூட்டுவலிக்காக வருகிறவர்கள், "வடக்கே வெந்நீர் ஊற்றில் குளித்தால் குணமாகுமாமே" என்று கேட்கும்போது சொல்லும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

குற்றாலம், பாபநாசம் பக்கத்தில் வெந்நீர் ஊற்று எதுவும் கிடையாதா? பிறகு எங்கேதான் போவது?

கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, ஆறுவதற்குள் வேகமாக மேலே வந்தால்தான் அது வெந்நீர் ஊற்று. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். பொதிகையில் பெய்யும் மழை அத்தனை ஆழம் போவதில்லை. மேலாகவே ஓடிவந்து அருவியாக விழுந்துவிடுகிறது.

வடக்கே பல இடங்கள் உண்டு. இமாசலத்தில் மணிகரண், மணாலிக்குப் பக்கத்தில் வசிஷ்ட், பீகாரில் ராஜ்கிர். கடல் தாண்டினால் திருகோணமலைக்கு அருகே கன்னியா. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்று சொல்லப்படும் ஏழு கிணறுகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் இறங்கிக் கிடப்பதில்லை, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்கிறார்கள்.

வயதானவர்களைக் கூட்டிப்போக நினைக்கும் நெல்லைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது மும்பைக்கு வடக்கே தான்சா ஆற்றங்கரையில் உள்ள கணேஷ்புரி, வஜ்ரேஷ்வரி, அக்லோலி ஊர்களைத்தான். மும்பையில் நம் ஆட்களுக்குச் சித்தப்பா வீடோ அத்தை வீடோ அநேகமாக இருக்கும். திருநெல்வேலியிலிருந்து தாதருக்குச் சாளுக்யா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தாதரிலிருந்து விரார் வரை மின்சார ரயில், அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சாலை வழி. மலை ஏற வேண்டாம், மூச்சு வாங்காது, அவசரமென்றால் மருத்துவமனைக்கும் வெகுதூரம் இல்லை. டிசம்பரும் ஜனவரியும் நல்ல மாதங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கனமழை, ஆறு பெருகும். அந்த மாதங்களில் ஆற்றங்கரை வெந்நீர்த் தொட்டிகளுக்குப் போகாதீர்கள்.

அந்தத் தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது? கந்தகம்தான் வலியை எடுக்கிறதா?

பெரும்பங்கு வேலையைச் செய்வது சூடும், தண்ணீரின் தாங்குதலும். தாதுக்களுக்கு இரண்டாம் இடம்தான்.

முதலில் தாங்குதல். இடுப்பு வரை தண்ணீரில் நின்றால் கால்களில் இறங்கும் உடல் எடை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. நெஞ்சு வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு, கழுத்து வரை என்றால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தேய்ந்த முழங்கால் படி இறங்கும்போது நோகும், தண்ணீருக்குள் நோகாமல் மடங்கும். "இறங்கிய உடனே வலி போய்விட்டது" என்று ஆச்சிகள் சொல்வது பொய்யில்லை. கரையேறினால் எடையும் திரும்பிவரும் என்பதுதான் விஷயம்.

அடுத்தது சூடு. தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன, இறுகிய தசை தளர்கிறது, வலி உணர்வு மட்டுப்படுகிறது. இந்தச் சுகம் சில மணி நேரம் நிற்கும். நாள்தோறும் குளித்து, தண்ணீருக்குள்ளேயே மூட்டை மெல்ல மடக்கி நீட்டிவந்தால் சிலருக்கு அதற்குப் பிறகும் சில வாரம் இதம் நிற்பதுண்டு. தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளராது, முடக்குவாதத்துக்கான மாத்திரையை நிறுத்தவும் முடியாது.

தாதுக்கள் என்று பார்த்தால், நம் தோல் தண்ணீரை வெளியே நிறுத்துவதற்கென்றே அமைந்தது. பத்து நிமிடக் குளியலில் அதைக் கடந்து உள்ளே போவது மிகச் சொற்பம். கந்தகம் தோலின் மேற்பரப்பில் வேலை செய்யும், தடித்த செதில்களை இளக்கும். மூட்டுக்குள் போய் எதையும் சரிசெய்யாது. அதனால்தான் ஊற்றின் பெருமையை விசாரிப்பதைவிடத் தண்ணீரின் சூட்டை விசாரிக்கச் சொல்கிறேன்.

இதே சூடுதான் ஆபத்துக்கும் காரணம். கழுத்துவரை மூழ்கும்போது தண்ணீரின் அழுத்தம் கால், வயிற்றுப் பகுதிகளிலிருந்து சுமார் 700 மில்லிலிட்டர் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. நல்ல இதயம் அதைச் சமாளிக்கும், பலவீனமான இதயம் திணறும். வெளியே எழும்போது நிலைமை தலைகீழாகிறது. அழுத்தம் சட்டென்று விலகிவிடும், விரிந்த குழாய்களோ உடனே சுருங்காது. ரத்தம் காலுக்கு இறங்கும், தலை சுற்றும். வழுக்கும் கல்படியில் அந்த நொடிதான் இடுப்பெலும்பை முறிக்கிறது.

எத்தனை டிகிரி இருந்தால் இறங்கலாம்? எவ்வளவு நேரம் இருக்கலாம்?

நல்ல உடம்புள்ள பெரியவருக்கு 38 முதல் 40 டிகிரி செல்சியஸ், ஒரு தடவைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம். அறுபது தாண்டியவர்களுக்கு 38 டிகிரி, ஐந்து முதல் பத்து நிமிடம். 42 டிகிரிக்கு மேல் யாரும் இறங்க வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உடம்பு பழகியது, உங்கள் உடம்பு பழகவில்லை.

கணேஷ்புரியில் அருகருகே உள்ள தொட்டிகளிலேயே சூடு வேறுபடும். பலகையில் எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தண்ணீரில் முக்கக்கூடிய சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஊற்று வந்து விழும் மூலையிலும் எதிர்மூலையிலும் தனித்தனியே அளந்து பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். வெப்பமானி இல்லையென்றால் உணர்ச்சி சரியாக உள்ள ஒருவர் முழங்கையை நனைத்துப் பார்க்கட்டும். "சுடுகிறது" என்று கையை இழுத்தால் அந்தத் தொட்டி வேண்டாம்.

குற்றாலத்தில் அருவிக்கடியில் நின்று பழகிய நமக்கு, போலீஸ்காரர் விசில் அடிக்கும்வரை நகரக் கூடாது என்ற பழக்கம் இருக்கிறது. வெந்நீரில் அது ஆகாது. கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு மணி வைத்துக் கரையில் உள்ளவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

எங்கள் அம்மாவுக்கு 63 வயது, ஊர் கல்லிடைக்குறிச்சி. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, பிரஷருக்கு அம்லோடிபின், காலையும் இரவும் இன்சுலின், இரண்டு முழங்காலும் வலி. பொங்கல் முடிந்து தம்பி வீட்டுக்கு மும்பை போகிறார். கணேஷ்புரிக்குக் கூட்டிப்போகலாமா?

போகலாமா என்பதை அம்மாவின் பாதம்தான் தீர்மானிக்க வேண்டும். சர்க்கரை பல வருடம் ஆனவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், ஆனால் அவர்களுக்கே அது தெரியாது. மற்றவர் கால் சுட்டதும் துள்ளும். இவர்கள் சுட்ட தண்ணீரில் நின்றுகொண்டு "இதமாக இருக்கிறது" என்பார்கள். மறுநாள் காலை கொப்புளம், அடுத்த மாதம் ஆறாத புண். நான் பார்த்த வெந்நீர்ப் பயணக் காயங்களில் மனதை வருத்துபவை இந்தப் பாதங்கள்தான்.

ஊரில் கிளம்புமுன்பே பாருங்கள். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கால்களின் பெருவிரல், மூன்றாம் விரல், சிறுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மிக மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டதும் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். மருத்துவரிடம் காட்டுங்கள், தொட்டியில் கால் வைப்பதை மறந்துவிடுங்கள். விரலிடுக்கில் வெடிப்பு, ஆணி, புண் இருந்தாலும் அதே தீர்ப்பு. அப்படியானால் நீங்கள் சூடு பார்த்த தண்ணீரை வாளியில் எடுத்து முதுகுக்கும் தோளுக்கும் ஊற்றிவிடுங்கள். அவருக்கு அதுவும் ஆனந்தமாகத்தான் இருக்கும்.

ஆறும் சரி, புண் இல்லை என்றால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இப்படிச் செய்யலாம். ரயிலில் வந்திறங்கிய அன்றே போக வேண்டாம். ஒன்றரை நாள் உட்கார்ந்தே வந்தவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்தக் காலோடு வெந்நீரில் இறங்கக் கூடாது, முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் தம்பி வீட்டில் ஓய்வெடுக்கட்டும்.

போகிற நாளில் காலை இன்சுலினைத் தொடையில் போட வேண்டாம், மருத்துவர் ஒப்புக்கொள்ளும் வேறு இடத்தில் போடுங்கள். ஊசி போட்ட இடம் சூடானால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடும். தொடை தண்ணீருக்குள் இருக்கும். வயிறு தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டுமென்றால் உட்காரும் படியை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கம்போல இட்லியோ உப்புமாவோ சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். இறங்குமுன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட் கொடுத்து, சர்க்கரை ஏறிய பிறகு தண்ணீரில் இறங்கலாம். 300ஐத் தாண்டினால் அன்றைக்குக் குளியல் இல்லை.

தொட்டியில் 38 டிகிரி உள்ள மூலையைத் தேடி, ரப்பர்ச் செருப்போடு, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கட்டும். இடுப்பளவு போதும். முழங்காலை மெல்லப் பத்து முறை நீட்டி மடக்கச் சொல்லுங்கள், பலன் தருவது அந்த அசைவுதான். ஏழெட்டு நிமிடத்தில் எழுந்து, கடைசிப் படியில் கால் மட்டும் நனைய இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்கட்டும். அம்லோடிபினும் ரத்தக்குழாயை விரிக்கிற மாத்திரைதான், சூடும் அதே வேலையைச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் எழும்போது பிரஷர் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கும். துவட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அரைமணி நேரம் உட்கார்ந்து, மறுபடி சர்க்கரை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரவு பாதங்களை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் அதை உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரஷர் மாத்திரையை அன்றைக்கு மட்டும் நிறுத்திவிட்டால் மயக்கம் வராதல்லவா?

நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் பிரஷர் எகிறும், அது மயக்கத்தைவிட மோசம். மாத்திரை அப்படியே இருக்கட்டும், சூட்டையும் நேரத்தையும் குறையுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், தூக்க மாத்திரை ஆகியவற்றில் எதையேனும் எடுப்பவர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை இருந்தால் வெந்நீர்க் குளியலே கூடாது. சூடு அந்த மருந்தை அளவுக்கு மீறி உடம்புக்குள் இறக்கிவிடும்.

யார் போகவே கூடாது?

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், படுத்தால் மூச்சுத் திணறும் இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், இதய வால்வு மிகவும் சுருங்கியவர்கள், பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள். இவர்களுக்கு எந்த ஊற்றும் வேண்டாம். காய்ச்சல் உள்ளவர்கள், ஆறாத புண்ணோ புதிய அறுவை சிகிச்சைத் தழும்போ உள்ளவர்கள், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் குணமானபின் போகலாம். வலிப்பு நோயுள்ளவர் தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு உடல் சூடேறினால் பார்வையும் கால் பலமும் தற்காலிகமாகக் குறையும், அவர்களும் தவிர்க்க வேண்டும்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டாலே கொதிக்கிற நிலையில் இருந்தால் சூடு அதை இன்னும் தூண்டிவிடும். யூரிக் அமிலத்தால் பெருவிரல் வீங்கியவரும், முடக்குவாதம் சீறிக்கொண்டிருப்பவரும் அந்த வாரம் ஊரிலேயே இருப்பது நல்லது. சூடு உதவுவது பழைய, இறுகிய, வீக்கமில்லாத வலிக்குத்தான்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்காதீர்கள். அவர்கள் உடம்பு நம்மைவிட வெகு சீக்கிரம் சூடேறும். மது அருந்தியவரை யாராக இருந்தாலும் தடுத்துவிடுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். மதினி "கொஞ்ச நேரம்தானே" என்கிறார். இறங்கலாமா?

வேண்டாம். 40 டிகிரி தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் மூழ்கியிருந்தாலே உடலின் உட்சூடு 39 டிகிரியை நெருங்கக்கூடும். முதல் மூன்று மாதத்தில் அந்தச் சூடு குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாவதைக் கெடுக்கலாம். பிந்திய மாதங்களில் தலைசுற்றி விழும் ஆபத்து. மதினி குளிக்கட்டும், நீங்கள் கரையில் இருங்கள்.

குழந்தைக்காக முயன்றுகொண்டிருக்கும் கணவர்களுக்கும் ஒரு சொல்: அடிக்கடி வெந்நீரில் கிடந்தால் விந்தணு எண்ணிக்கை குறையும். மீண்டுவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

குற்றாலத்தில் செய்வதுபோல எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கலாமா?

கூடாது. அருவியில் எண்ணெய் அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியிலோ மேலே படலமாக மிதக்கும், அடுத்தவர் மேல் ஒட்டும், கல்படியை வழுக்கலாக்கும். சோப்பும் வேண்டாம். வெளியே குழாயில் உடம்பைக் கழுவிவிட்டு இறங்குங்கள். ஏறிய பின் தோல் வறண்டிருந்தால் அறைக்கு வந்து தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்கிறார்கள். வெந்நீர் ஊற்றிலும் இருக்குமா?

இருக்கக்கூடும். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் பேசப்பட்ட அமீபிக் மூளைக்காய்ச்சலுக்குக் காரணமான கிருமிகளில் ஒன்றான நெக்லீரியா, இளஞ்சூட்டு நன்னீரை விரும்புவது, ஏறக்குறைய 46 டிகிரி வரை தாங்கும். நாம் குளிக்க ஏற்றது என்று தேடும் சூடு அதற்கும் ஏற்றதே. கொதிக்கும் ஊற்றுவாயில் அது பிழைக்காது, ஆறித் தேங்கிய தொட்டியில் பிழைக்கும்.

நோய் மிக அரிது, வந்தால் பிழைப்பது கடினம். அது நுழையும் வழி மூக்கு மட்டும்தான். ஆகவே தலையை முக்காதீர்கள், மூக்கில் தண்ணீர் ஏறும்படி குதிக்காதீர்கள், பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் வாரி இறைப்பதை அனுமதிக்காதீர்கள். "மூன்று முறை முங்கினால்தான் புண்ணியம்" என்று வற்புறுத்துகிறவர்கள் இருப்பார்கள். தலைக்குக் கையால் தெளித்துக்கொண்டால் போதும் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். குளித்த இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய், ஊற்றில் குளித்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சொரியாசிஸ் இருக்கிறது. கந்தக நீர் நல்லது என்கிறார்களே?

செதில் இளகும், அரிப்பு கொஞ்ச நாள் அடங்கும். நோய் போய்விடாது. குளித்த மூன்று நிமிடத்துக்குள் ஈரத்தோடு களிம்பு தடவாவிட்டால் தோல் முன்பைவிட வறண்டு வெடிக்கும். இரத்தம் கசியும் நிலையில் இறங்க வேண்டாம். சிரங்கு, படர்தாமரை போன்ற தொற்றுகள் இருந்தால் அடுத்தவர் நலன் கருதித் தொட்டிக்குப் போகாதீர்கள்.

வெள்ளிக் கொலுசு கறுத்துவிடுமாமே?

கந்தகம் உள்ள ஊற்றில் கறுக்கும். கழற்றி வைத்துவிடுங்கள். அழுகிய முட்டை வாடை வருவதும் அதனால்தான். திறந்தவெளியில் அந்த வாடையால் தீங்கில்லை. காற்றோட்டமில்லாத அடைத்த அறையில் வாடை பலமாக வந்து, பிறகு தெரியாமலே போய்விட்டால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், வாடை நின்றது என்று ஏமாந்துபோவோம்.

ஊற்று நீரைப் பாட்டிலில் பிடித்து வந்து குடிக்கலாமா?

குடிக்காதீர்கள். பலர் குளிக்கும் நீர் அது. சில ஊற்றுகளில் ஃபுளோரைடும் ஆர்சனிக்கும்கூட இருக்கும், காய்ச்சினாலும் அவை போகா.

மணிகரணில் சோறே வேகிறதாம். அங்கே எப்படிக் குளிப்பது?

ஊற்றுவாயில் குளிப்பதில்லை. குருத்வாராவின் சமையலுக்கு அரிசியும் பருப்பும் வேகவைக்கும் தண்ணீர் அது. குளிக்கும் தொட்டிகளில் குளிர்ந்த நீர் கலந்து சூட்டைக் குறைக்கிறார்கள். பாறையிடுக்கில் ஆவி வரும் இடங்களில் பிள்ளைகள் கையைப் பிடித்தே நடத்துங்கள். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும்.

ஊர் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, குளிர்காலத்தில் நம் ஆட்களுக்குப் பழக்கமில்லாத குளிர். சூட்டிலிருந்து எழுந்து அந்தக் குளிர்காற்றில் ஈரத்தோடு நின்றால் விரிந்த குழாய்கள் சட்டெனச் சுருங்கிப் பிரஷர் ஏறும். இதய நோயாளிகளுக்கு அது நல்லதல்ல. துண்டும் ஸ்வெட்டரும் படியிலேயே இருக்கட்டும். மூட்டுவலி மட்டுமே உள்ள நாற்பது வயதுக்காரருக்கு நல்ல இடம். எழுபது வயது ஆச்சிக்குக் கணேஷ்புரியே போதும்.

குளித்துக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வது?

முதலில் முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி தாடையைத் தாங்கிப் பிடியுங்கள், பிறகு இரண்டு பேராக வெளியே எடுங்கள். உட்கார வைக்காதீர்கள். நிழலில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை ஒரு பையின்மேல் உயர்த்துங்கள். நெற்றியிலும் கழுத்திலும் ஈரத்துணி போடுங்கள். நினைவு திரும்பாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். சாதாரண மயக்கமென்றால் ஒரு நிமிடத்துக்குள் கண் திறப்பார். திறந்தபின் கால்மணி நேரம் படுத்தே இருக்கட்டும். சர்க்கரை நோயாளி என்றால் விழுங்க முடிகிறதா என்று பார்த்துச் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள்.

ஒரு நிமிடம் கடந்தும் விழிக்காவிட்டால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கை தூக்க முடியாவிட்டால் 108க்கு அழையுங்கள். மூச்சே இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டிருங்கள். தண்ணீரில் மூழ்கியவர் என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்க வேண்டும். மாத்திரைச் சீட்டின் படம் கூட வந்தவரின் கைப்பேசியில் இருந்தால் அதை ஆம்புலன்ஸ்காரரிடம் காட்டுங்கள்.